தரை ஒரு தட்டு, வானம் ஒரு தட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், தோப்புகள் முடிகிற இடத்தில் மலை எழுந்து நிற்கிறது. அந்த வழியில் எங்காவது மரமோ கட்டடமோ இல்லாத ஒரு வெட்டவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத நாளாக இருக்கட்டும். இடி மின்னல் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் திறந்த சமவெளியில் தரைக்கும் ஒரு மீட்டர் உயரத்துக்கும் இடையே சுமார் 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 200 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்.

அப்படியென்றால் அங்கே நிற்பவருக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை? மனித உடல் காற்றைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஒருவர் தரையில் கால் ஊன்றிய உடனே அவர் உடல் முழுவதும் தரையின் மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகிறது. காற்றிலிருந்து வரும் மின்னோட்டமோ ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் இரண்டு பங்குதான். அதை உணர நம் உடம்பில் எந்த நரம்பும் இல்லை.

இந்த நுண்ணிய மின்னோட்டத்தையும் அளந்திருக்கும் ஆய்வகம் ஒன்று தெற்கே திருநெல்வேலிக்கு அருகில் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் கிளை அது. அங்கே கிடைத்த அளவீடுகள் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தன. தரைக்கும் வானத்துக்கும் நடுவிலுள்ள மின்னழுத்தத்தைக் கணக்கிட வேண்டுமென்றால், பிளஸ் டூ மாணவருக்குத் தெரிந்த இணைத்தட்டு மின்தேக்கியிலிருந்தே தொடங்கலாம். தரை ஒரு தட்டு, மேலே அயனி மண்டலம் இன்னொரு தட்டு. இரண்டுக்கும் நடுவே காற்று. லாப்லாஸ் சமன்பாட்டை இரண்டு முறை தொகையிட்டால் விடை வந்துவிடும்.

வரும் விடை பெரும் தவறாக இருக்கும். ஏன் தவறு என்று தேடிப் போவதுதான் இந்தக் கட்டுரை.

கொடிக்கயிறும் சமன்பாடும்

பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 1780-களில் கோள்களின் ஈர்ப்பு விசையை ஆராய்ந்தபோது இந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தினார். மின்சாரத்துக்கும் அது அப்படியே பொருந்தியது. மூன்று திசைகளிலும் எழுதினால் அதன் வடிவம் இது:

∂²V/∂x² + ∂²V/∂y² + ∂²V/∂z² = 0

இங்கே V என்பது மின்னழுத்தம். இந்தச் சமன்பாடு எல்லா இடத்திலும் செல்லாது என்பதை 1813-இல் பாய்சான் எடுத்துக்காட்டினார். ஈர்ப்பு என்றால் பொருள் இல்லாத இடத்திலும், மின்சாரம் என்றால் மின்னூட்டம் இல்லாத இடத்திலும்தான் வலப்பக்கம் சுழியமாகும். மின்னூட்டம் இருந்தால் வலப்பக்கத்தில் −ρ/ε₀ என்று எழுத வேண்டும். ρ என்பது ஒரு கன மீட்டரில் உள்ள மின்னூட்டம். ε₀ என்பது 8.85 × 10⁻¹² என்ற மாறிலி.

அகலமான இரண்டு தட்டுகளை இணையாக வைத்தால் பக்கவாட்டில் நகர்வதால் எதுவும் மாறாது. மேலும் கீழும் நகர்ந்தால்தான் மின்னழுத்தம் மாறும். ஆகவே மூன்று உறுப்புகளில் இரண்டு உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது:

d²V/dz² = 0

இதன் பொருளைக் கண்ணால் பார்க்க, துணி காயப்போடும் கொடிக்கயிறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பங்களின் உயரம்தான் இரண்டு தட்டுகளின் மின்னழுத்தம். கயிற்றில் துணி எதுவும் இல்லையென்றால், இழுத்துக் கட்டிய கயிறு ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு நேர்கோடாகப் போகும். அதுதான் லாப்லாஸ். நடுவில் கவைக்கோலை முட்டுக்கொடுத்தால் கயிறு மேலே எழும்பும். நேர் மின்னூட்டம் செய்வது அதைத்தான். ஈரத்துணியைப் போட்டால் தொய்யும். எதிர் மின்னூட்டம் செய்வது அது.

இரண்டு முறை தொகையிட்டால்

ஒருமுறை தொகையிட்டால் dV/dz = A. சரிவு எங்கும் ஒன்றே என்று இது சொல்கிறது. மறுமுறை தொகையிட்டால் V = Az + B. A, B இரண்டும் என்ன என்பதைச் சமன்பாடு சொல்லாது, தட்டுகள்தான் சொல்லும். கீழ்த்தட்டு (z = 0) V₁ வோல்ட்டிலும் மேல்தட்டு (z = d) V₂ வோல்ட்டிலும் இருந்தால், B = V₁, A = (V₂ − V₁)/d. எனவே:

V = V₁ + (V₂ − V₁) z/d

இந்த எளிய வரியை நம்பித்தான் வளிமண்டல மின்புலத்தை அளக்கும் ஃபீல்டு மில் என்ற கருவியைச் சரிபார்க்கிறார்கள். அந்தக் கருவியில் நில இணைப்புக் கொடுத்த விசிறி ஒன்று சுழன்று, அடியிலுள்ள உலோகத் துண்டுகளை மாறி மாறி மூடித் திறக்கும். திறக்கும்போது மின்புலம் அந்தத் துண்டுகளில் மின்னூட்டத்தைத் தூண்டும், மூடும்போது அது விலகும். இப்படி வந்து போகும் மின்னூட்டம்தான் கருவிக்குக் கிடைக்கும் சைகை. ஆனால் கருவி காட்டும் எண் எத்தனை வோல்ட்/மீட்டரைக் குறிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஐயமின்றித் தெரிந்த ஒரு மின்புலத்தில் அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக இரண்டு மீட்டர் அகலமுள்ள இரண்டு உலோகத் தட்டுகளை அரை மீட்டர் இடைவெளியில் வைப்பதாகக் கொள்வோம். கீழ்த்தட்டின் நடுவில் துளையிட்டு, கருவியின் முகம் தட்டோடு சமமாக இருக்கும்படி பொருத்த வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மின்புலம் குவிந்துவிடும். கீழ்த்தட்டு 0 வோல்ட், மேல்தட்டு 100 வோல்ட் என்றால் A = 100/0.5 = 200 வோல்ட்/மீட்டர். கீழ்த்தட்டிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் 20 வோல்ட், 25 செ.மீ. உயரத்தில் 50 வோல்ட். தட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் தேங்கும் மின்னூட்டம் ε₀ × 200, அதாவது சுமார் 1.8 நானோகூலும்.

தட்டின் விளிம்பில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பக்கவாட்டு உறுப்புகள் உயிர்பெற்றுவிடும், மின்புலக் கோடுகள் வெளியே பிதுங்கும். ஆனால் விளிம்பிலிருந்து உள்ளே வர வர இந்தக் கோளாறு மிக வேகமாகக் குறையும். இடைவெளியைப் போல இரண்டு மடங்கு உள்ளே வந்துவிட்டால் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். அரை மீட்டர் இடைவெளிக்கு இரண்டு மீட்டர் அகலம் எடுத்ததன் காரணம் அதுதான். நடுவிலிருக்கும் கருவி எந்த விளிம்பிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது.

பிறகு மேல்தட்டின் மின்னழுத்தத்தை 50, 100, 150 என்று கூட்டியும், துருவத்தை மாற்றி −50, −100 என்று இறக்கியும் கருவியின் எண்களைக் குறித்து வரைபடம் போடுவார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். கோடு நேராக இருந்தும் சுழியப் புள்ளி வழியே போகவில்லையென்றால், கருவியின் உள்ளே எங்கோ தூசியிலோ மின்காப்பிலோ மின்னூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது இரு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் சிறு மின்னழுத்தம் பிறந்திருக்கலாம். கோடே வளைந்தால் கோளாறு மின்சுற்றில் இருக்கிறது.

வானத்துக்குக் கொண்டுபோனால்

இப்போது இதே கணக்கை வானத்துக்குப் போடலாம். கீழ்த்தட்டு தரை, 0 வோல்ட். சுமார் 60 கி.மீ. உயரத்துக்கு மேலே காற்று அயனிகளால் நிறைந்து, மின்சாரத்தை நன்றாகக் கடத்தத் தொடங்கிவிடுகிறது. அதுதான் மேல்தட்டு. தரையை ஒப்பிட அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வோல்ட். நேர்கோட்டுக் கணக்குப்படி மின்புலம் 2,50,000 ÷ 60,000, அதாவது மீட்டருக்கு 4.2 வோல்ட்.

சமவெளியில் கருவி காட்டுவதோ 100-க்கும் மேல். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

முதல் சந்தேகம் பூமியின் உருண்டை வடிவத்தின் மீது எழும். தட்டு தட்டையாக இல்லையே? அதையும் தொகையிட்டே சோதிக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு கோளங்களுக்கு V = A/r + B என்று வரும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. எல்லை மதிப்புகளைப் போட்டால் தரையில் மின்புலம், தட்டைத் தட்டுக்கு வந்ததைவிட 60/6371 பங்கு, அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக மட்டுமே கூடுகிறது. ஆகவே குற்றவாளி உருண்டை இல்லை.

பலூனில் கருவியை ஏற்றி அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். மேலே போகப் போக மின்புலம் குறைகிறது. 10 கி.மீ. உயரத்தில் அது மீட்டருக்குச் சில வோல்ட்தான். லாப்லாஸ் சமன்பாட்டின் முதல் தொகையீடே மின்புலம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அது மாறுகிறது என்றால் நடுவில் மின்னூட்டம் இருக்கிறது என்று பொருள். கயிற்றுக்குக் கீழே யாரோ கவைக்கோல் வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு மின்னூட்டம்? மின்புலம் 120-லிருந்து 5 வோல்ட்/மீட்டருக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 115. அதை ε₀ ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு நேர் மேலே 10 கி.மீ. உயரக் காற்றில் மொத்தம் ஒரு நானோகூலும் நேர் மின்னூட்டம் இருப்பது தெரியும். அதை அந்த உயரம் முழுவதும் பரப்பினால் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சராசரியாக ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம்கூட மிகுதியாக இல்லை, வெறும் 0.6 தான். அதே கன சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கான நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் குறைவான ஏற்றத்தாழ்வு, விடையை இருபத்தைந்து மடங்கு மாற்றிவிட்டது. நடுவில் மின்னூட்டம் இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது எவ்வளவு பெரிய அனுமானம் என்பது இங்கே தெரிகிறது.

மீண்டும் தொகையிடுவோம்

இந்த மின்னூட்டம் அங்கே ஏன் சேர்கிறது? 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேலே போய், உயரத்தில் காற்று அதிகமாக அயனியாகிறது என்று கண்டார். அண்டக் கதிர்கள் மேலிருந்து வந்து காற்றைத் தாக்குவதுதான் காரணம். ஆகவே மேலே உள்ள காற்று மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். தரைக்கு அருகில் உள்ள காற்று அவ்வளவாகக் கடத்தாது. மின்னோட்டமோ மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாகப் போயாக வேண்டும். கடத்தாத இடத்தில் அதே மின்னோட்டத்தைத் தள்ள அதிக மின்புலம் வேண்டும். கீழே மின்புலம் கூடிக்கொள்கிறது, அதைத் தாங்கும் மின்னூட்டம் நடுவில் தேங்குகிறது.

ஆக, மாறாமல் இருப்பது சரிவு இல்லை, சரிவையும் கடத்துதிறனையும் (σ) பெருக்கி வரும் எண். புதிய சமன்பாடு:

d/dz (σ dV/dz) = 0

இதுவும் நேரடித் தொகையீட்டுக்குப் பணிந்துவிடும். முதல் தொகையீடு σ dV/dz = C என்று தருகிறது. கடத்துதிறன் ஏறக்குறைய ஒவ்வொரு 6 கி.மீ. உயரத்துக்கும் e மடங்கு, அதாவது 2.7 மடங்கு கூடுகிறது என்று எளிமையாக எடுத்துக்கொண்டால் σ = σ₀ e^(z/H), H = 6 கி.மீ. மறுபடி தொகையிட்டு, மேலே 2,50,000, கீழே 0 என்று எல்லை மதிப்புகளைப் போட்டால்:

V = 2,50,000 × (1 − e^(−z/H))

மேல்தட்டு பத்து H தள்ளி இருப்பதால் அதன் சரியான உயரம் இந்த விடையை அசைக்கவே இல்லை. 60 கி.மீ. என்பதற்குப் பதில் 70 என்று போட்டாலும் மாறுவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தரையில் மின்புலம் 2,50,000 ÷ 6,000, அதாவது 42 வோல்ட்/மீட்டர். நான்கிலிருந்து நாற்பத்திரண்டுக்கு வந்துவிட்டோம். மொத்த மின்னழுத்தத்தில் 63 விழுக்காடு முதல் 6 கி.மீ. உயரத்துக்குள்ளேயே ஏறிவிடுகிறது.

நூறுக்கு இன்னும் பாதி வழி பாக்கி. அதற்குக் காரணம் தரையை ஒட்டிய ஒன்றிரண்டு கிலோமீட்டரில் மிதக்கும் தூசியும் புகையும். சிறிய அயனிகள் தூசித் துகளில் ஒட்டிக்கொண்டால் அவற்றின் ஓட்டம் முடங்கிவிடும். அதனால் அந்த அடுக்கின் கடத்துதிறன் நம் எளிய சூத்திரம் சொல்வதைவிடக் குறைவு. அது மீட்டருக்கு 2 × 10⁻¹⁴ சீமன்ஸ் அளவில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 2 பிக்கோஆம்பியர் மின்னோட்டத்தை அதனால் வகுத்தால் 100 வோல்ட்/மீட்டர் வந்துவிடுகிறது.

மேல்தட்டின் இரண்டரை லட்சம் வோல்ட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஆய்வகத்தில் அந்த வேலையை மின்வழங்கி செய்கிறது. வானத்தில் அதைச் செய்வது உலகின் ஏதோ ஒரு மூலையில் எந்நேரமும் நடந்துகொண்டிருக்கும் இடிமழைகள். அவை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், தரையில் தேங்கிய மின்னூட்டம் சில நிமிடங்களிலேயே காற்றின் வழியே கசிந்து பெருமளவு குறைந்துவிடும். 1928–29-இல் கார்னெகி என்ற ஆய்வுக் கப்பல் கடல்களில் அளந்தபோது, உலகில் எங்கே இருந்தாலும் ஒரே நேரத்தில் மின்புலம் உச்சத்துக்குப் போவது தெரிந்தது. நம் கடிகாரத்தில் அது நள்ளிரவுக்குப் பின் பன்னிரண்டரை மணி. ஆகவே எல்லை மின்னழுத்தம் மாறாதது என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை.

மலையடிவாரத்தில் ஏன் அளப்பதில்லை

இத்தனை கணக்கிலும் தரை சமதளம் என்ற அனுமானம் மட்டும் நம்மோடு வந்தது. செண்பகத்தோப்பில் அதுவும் கைவிட்டுவிடும். மலையும் மரமும் தரையோடு இணைந்த கடத்திகள். அவற்றின் மேற்பரப்பு முழுவதும் 0 வோல்ட். பக்கவாட்டு உறுப்புகளை இங்கே உதற முடியாது.

நீண்ட மலைத்தொடரை, சமதரையில் கவிழ்த்த அரை உருளையாக எடுத்துக்கொண்டால் லாப்லாஸ் சமன்பாட்டுக்குத் துல்லியமான விடை உண்டு. மலை உச்சியில் மின்புலம் சமவெளியில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. மலை தரையைத் தொடும் அடிவார மூலையில் சுழியம். அங்கிருந்து விலக விலகத்தான் மின்புலம் மெல்ல மீளும். மலையின் நடு அச்சிலிருந்து அதன் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு தள்ளிப் போனால் 96 விழுக்காடு, பத்து மடங்கு தள்ளிப் போனால் 99. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவு அரை உருளையைவிடச் சாய்வானது, ஆகவே உண்மையில் பாதிப்பு இந்த அளவுக்குக் கடுமையாக இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான்.

மரத்தடியிலும் இதே நிலைதான். சாம்பல் நிற அணில்கள் தாவித் திரியும் உச்சிக்கிளைகளில் மின்புலம் குவியும், கீழே நிழலில் கருவி வைத்தால் ஏறக்குறைய எதுவும் காட்டாது. வளிமண்டல மின்புலத்தை அளக்கத் திறந்த சமவெளியைத் தேடுவது இதனால்தான். அடிவாரத்தில் வைத்த கருவி பழுதில்லாமல் இருந்தாலும், அது சொல்வது மலையின் கதையாக இருக்கும், வானத்தின் கதையாக இருக்காது.

வீட்டில் செய்து பார்க்க

இந்த இரண்டு விடைகளையும், நேர்கோட்டையும் வளைகோட்டையும், ஒரு பிளாஸ்டிக் தட்டில் காட்டிவிடலாம். 40 செ.மீ. நீளமுள்ள செவ்வகத் தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். இரு முனைகளிலும் அகலம் முழுவதையும் அடைக்கும் உலோகப் பட்டைகளை நிறுத்தி, சிறிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 6 வோல்ட் ஏ.சி. கொடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாக ஒருபோதும் தண்ணீரில் இணைக்கக் கூடாது. பேட்டரியும் சரிப்படாது. நேர்மின்னோட்டத்தில் பட்டைகளின் மீது வாயு படிந்து அங்கேயே கொஞ்சம் மின்னழுத்தம் விழுந்துவிடும். நடுவில் கோடு நேராக இருந்தாலும் முனைகளில் 0-ஐயும் 6-ஐயும் தொடாது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒரு பட்டையில் வைத்து, மறு முனையைத் தண்ணீரில் 10, 20, 30 செ.மீ. தூரத்தில் வையுங்கள். 1.5, 3, 4.5 வோல்ட் என்று வர வேண்டும். இது லாப்லாஸின் நேர்கோடு.

அடுத்து ஒரு முனைக்கு அடியில் ஏதாவது வைத்து உயர்த்தி, தண்ணீரின் ஆழம் அந்த முனையில் 1 செ.மீ., மறு முனையில் 5 செ.மீ. ஆகும்படி செய்யுங்கள். ஆழம் குறைந்த முனை நம் தரை. ஆழம் இங்கே கடத்துதிறனின் வேலையைச் செய்கிறது. ஆழம் × dV/dx = மாறிலி என்று தொகையிட்டால் மடக்கைச் சார்பு வரும். 10, 20, 30 செ.மீ. தூரத்தில் இப்போது 2.6, 4.1, 5.2 வோல்ட் வர வேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஆறுக்குப் பதில் ஏழு வோல்ட் தந்தால், எல்லா எண்களையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணைத்தட்டுக் கணக்கைக் கரும்பலகையில் முடித்த கையோடு இந்தத் தட்டையும் மேசைமேல் வையுங்கள். V = Az + B என்று எழுத எல்லா மாணவருக்கும் வரும். அதை எங்கே எழுதக் கூடாது என்பதை மல்டிமீட்டர் கற்றுக்கொடுக்கட்டும்.